முகூர்த்தப் பட்டு: சில்க் மார்க் அட்டை சொல்வதும் சொல்லாததும்

"தங்கச்சிக்குத் தை மாதம் கல்யாணம். ஹட்டனில் ஒரு கடையில் காஞ்சிபுரம் முகூர்த்தச் சேலை பார்த்தோம். சுத்தப் பட்டு, சுத்த வெள்ளிச் சரிகை என்கிறார்கள். சில்க் மார்க் அட்டையும் தொங்குகிறது. அகலக் கரை, நிறுத்துப் பார்த்தால் 700 கிராம் கிட்ட வருகிறது. விலை 38,000 ரூபா. நம்பி வாங்கலாமா? நாங்களே சோதித்துப் பார்க்க வழி ஏதும் உண்டா?"

ஒரு கேள்வியாகத் தெரிந்தாலும் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நூல் பட்டா என்பது ஒன்று, சரிகை வெள்ளியா என்பது இன்னொன்று. ஒன்றுக்குக் கிடைக்கும் பதில் மற்றதற்கு உதவாது. மலைநாட்டுக் கடைகளுக்குச் சேலை எடுத்துக் கொடுக்கும் வேலையில் நெடுங்காலம் இருந்தவன் நான். சென்னைக்கும் காஞ்சிபுரத்துக்கும் போய்த் தறிக்காரர்களிடமும் மொத்தக் கடைகளிலும் சேலை எடுத்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: நீங்கள் பார்த்த சேலையின் பட்டு உண்மையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. சரிகையைப் பற்றிக் கடைக்காரர் சொல்வது அந்த விலைக்குப் பொருந்தவில்லை. ஏன் என்பதை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அந்த அட்டை. சில்க் மார்க் என்பது இந்திய மத்திய பட்டு வாரியத்தின் கீழ் உள்ள சில்க் மார்க் அமைப்பு 2004இல் தொடங்கிய முத்திரை. நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே அது உறுதி. மல்பெரிப் பட்டோடு டசர், எரி, முகா பட்டுகளும் அதில் அடங்கும். சேலை காஞ்சிபுரத்தில் நெய்தது என்றோ, கைத்தறி என்றோ, சரிகையில் வெள்ளி இருக்கிறது என்றோ அந்த அட்டை சொல்வதில்லை. கைத்தறிக்கு இந்தியாவில் தனி முத்திரைகள் உண்டு. காஞ்சிபுரம் என்ற பெயருக்கு 2005 முதல் புவிசார் குறியீடு இருக்கிறது. இவை எல்லாம் வேறு வேறு உறுதிமொழிகள். கடையில் ஒரு அட்டையைக் காட்டி, "இதோ முத்திரை இருக்கிறதே" என்று நான்கு விஷயத்துக்கும் சேர்த்துச் சொல்வார்கள். அட்டை உண்மையானதாகவே இருக்கும். அதைக் காட்டிச் சொல்லும் பேச்சுதான் அட்டையைத் தாண்டிப் போகும்.

அட்டையை இரண்டு விதமாகப் பாருங்கள். அதில் ஹோலோகிராமும் தனி எண்ணும் இருக்க வேண்டும். புதிய அட்டைகளில் கியூஆர் குறியும் இருக்கும், கைத்தொலைபேசியால் ஸ்கேன் செய்யலாம். வெறும் பட்டுப்பூச்சிப் படம் போட்டு "ப்யூர் சில்க்" என்று அச்சடித்த அட்டை சில்க் மார்க் ஆகாது. அடுத்து, அந்த அட்டை இந்தச் சேலைக்குத்தான் வந்ததா என்று பாருங்கள். அட்டையை நூலில் கட்டித்தான் தொங்கவிடுகிறார்கள். ஒரு சேலையில் இருந்து கழற்றி இன்னொன்றில் கட்டுவது பெரிய வேலையே இல்லை. முடிச்சு அவிழ்த்துக் கட்டியதுபோல் இருந்தாலும், ஒரே கட்டில் உள்ள சேலைகளில் சிலவற்றில் மட்டும் அட்டை இருந்தாலும் கவனமாக இருங்கள். ஆகவே அட்டை இருந்தால் பட்டின் பக்கம் நம்பிக்கை கூடுகிறது, அவ்வளவுதான். அட்டை இல்லாத நல்ல பட்டும் நம் கடைகளுக்கு நிறைய வருகிறது. சென்னையில் இருந்து பெட்டியில் கொண்டுவரும் வியாபாரிகள் மடிப்புக்கு இடைஞ்சல் என்று அட்டைகளைக் கழற்றிவிடுவதும் உண்டு.

இனிப் பட்டைச் சோதிப்பது. கடையில் செய்து காட்டும் வித்தைகளை முதலில் ஒதுக்கிவிடலாம். மோதிரத்துக்குள் சேலையை இழுப்பது, கையால் தேய்த்துச் சூடு பார்ப்பது, வெளிச்சத்தில் இரண்டு நிறம் அடிக்கிறதா என்று பார்ப்பது, கசக்கினால் நறநற என்று கேட்கிறதா என்று பார்ப்பது, இவை எதையும் நம்பி 38,000 ரூபா கொடுக்கக் கூடாது. அகலச் சரிகைக் கரை உள்ள அசல் காஞ்சிபுரம் மோதிரத்துக்குள் போகாது, மெல்லிய பொலியெஸ்டர் சேலை வழுக்கிக்கொண்டு போகும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறம் என்று நெய்தால் எந்த நூலிலும் இரட்டை நிறம் அடிக்கும். அந்த நறநற சத்தம் பட்டு நூலை மெல்லிய அமிலத்தில் அலசுவதால் வருவது. அப்படி அலசாத பட்டில் சத்தம் வராது, அதனால் அது போலியாகிவிடாது.

நம்பக்கூடியவை நூலை எடுத்துச் செய்யும் சோதனைகள். அதற்கு எந்த நூலை எடுப்பது என்பதுதான் முக்கியம், பெரும்பாலானோர் தவறுவதும் இங்கேதான். முந்தானை நுனியில் தொங்கும் குஞ்சத்தில் இருந்து நாலு இழை எடுத்துக் கொளுத்திப் பார்த்துவிட்டு, "பட்டுத்தான்" என்று முடிவு செய்கிறார்கள். குஞ்சத்தில் இருப்பது பாவு நூல் மட்டும், அதாவது சேலையின் நீளவாக்கில் ஓடும் நூல். குறுக்கே ஓடும் ஊடை நூல் அதில் இல்லை. பாவு பட்டாகவும் ஊடை பொலியெஸ்டர் அல்லது விஸ்கோஸாகவும் நெய்த கலப்புச் சேலைகள் சந்தையில் தாராளம். குஞ்சத்தை மட்டும் சோதித்தால் அவை எல்லாம் தேறிவிடும். ஊடை வேண்டுமானால் ரவிக்கைத் துண்டின் வெட்டிய ஓரத்துக்குப் போங்கள். அந்த ஓரத்தில் குறுக்காகப் படுத்திருக்கும் இழையை ஊசி முனையால் கிளப்பி, இரண்டு அங்குலம் உருவி எடுக்கலாம். அதனால் சேலைக்கு ஒன்றும் ஆகாது, அந்த ஓரம் எப்படியும் தையல்காரரிடம் மடிந்துபோகும். கடையில் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். சுத்தப் பட்டு என்று சொல்லிவிட்டு இரண்டு அங்குல நூலுக்கு மறுக்கிற கடையில் நான் வாங்கமாட்டேன்.

பாவு, ஊடை இரண்டையும் தனித்தனியாகக் கொளுத்துங்கள். ஐந்தாறு இழையைச் சேர்த்து முறுக்கி, சாமணத்தில் பிடித்து, தண்ணீர்ப் பாத்திரத்துக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். பட்டு நெருப்பைக் கண்டு சுருங்கும், மெதுவாக எரியும், நெருப்பை எடுத்ததும் பெரும்பாலும் தானாக அணைந்துவிடும். முடி கருகிய வாசம் வரும். மிச்சமாகும் கரிய உருண்டையை விரலால் நசுக்கினால் பொடியாகும். பொலியெஸ்டர் உருகும், சொட்டும், ஆறியதும் கல்போன்ற கடினமான மணி நிற்கும், அதை நசுக்க முடியாது. விஸ்கோஸ், அதாவது ஆர்ட் சில்க், கடதாசி எரிவதுபோல் சட்டென்று பற்றிச் சாம்பல் நிறத் தூளாக உதிரும், கடதாசி வாசமே வரும்.

இந்தச் சோதனை நல்லதுதான், ஆனால் மூக்கை நம்பிச் செய்வது. ஒரே இழையில் பட்டும் பொலியெஸ்டரும் சேர்த்து முறுக்கியிருந்தால் முடி வாசமும் வரும், உருண்டையும் பாதி கடினமாக இருக்கும், புதியவர் குழம்பிப்போவார். அதற்கு இதைவிட உறுதியான வழி ஒன்று உண்டு. வீட்டில் வெள்ளை உடுப்புக்குப் போடும் குளோரின் பிளீச் திரவம் பட்டைக் கரைத்துவிடும். பட்டு, கம்பளி, முடி எல்லாம் புரத நார்கள், குளோரின் பிளீச்சில் அவை நிற்காது. பொலியெஸ்டர், விஸ்கோஸ், பருத்தி நிறம் வெளுத்தாலும் இழையாகவே கிடக்கும். ஆய்வுக்கூடங்களில் பட்டுக் கலப்பை அளக்கும் முறைகளில் இதுவும் ஒன்று. சேலையில் கம்பளி கலப்பவர்கள் யாரும் இல்லை, ஆகவே இழை முழுதாகக் கரைந்தால் அது பட்டுத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் இரண்டு மேசைக்கரண்டி பிளீச், அதில் ஊடை இழைகள். இன்னொரு கிண்ணத்தில் பாவு இழைகள். மூன்றாவதில் தையல் மெஷினில் போடும் சாதாரண பொலியெஸ்டர் நூலும், பட்டு என்று உறுதியாகத் தெரிந்த பழைய சேலையின் ஒரு இழையும். இந்த மூன்றாவது கிண்ணம் அவசியம், ஏனென்றால் பிளீச் பழசாகிப் போயிருந்தால் வலு குறைந்து பட்டும் கரையாமல் நிற்கும். அப்போது நல்ல சேலையைக் கலப்பு என்று நினைத்துவிடுவீர்கள். இருபது நிமிடம் முதல் அரை மணி நேரம் வரை விட்டு, இடையிடையே குச்சியால் கலக்கிப் பாருங்கள். நுவரெலியாக் குளிரில் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். பட்டு இழை முதலில் நிறம் விட்டு, வழவழப்பாகி, பிறகு காணாமலே போகும். ஏதாவது இழை மிஞ்சினால் அது பட்டு இல்லை. நிறச் சேலைக்கு என்று விற்கும் ஒக்சிஜன் பிளீச் இதற்கு உதவாது, அது குளோரின் இல்லை. யன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். வினாகிரியோ கழிவறைத் திரவமோ பக்கத்தில்கூட வேண்டாம், பிளீச்சோடு சேர்ந்தால் நச்சு வாயு வரும். ஒரு சொட்டும் சேலையில் படக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாவும் ஊடையும் இரண்டும் கரைந்தால் பட்டுக் கேள்வி முடிந்தது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அது எந்த ஊரில் நெய்தது, கைத்தறியா மின்தறியா என்பதை மட்டும் இந்தச் சோதனை காட்டாது.

சரிகைக்கு வருகிறேன். கடைகளில் "ஜரி", "சரிகை" என்று ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன. முதலாவது சுத்தச் சரிகை. நடுவில் பட்டு இழை, அதைச் சுற்றி வெள்ளி சேர்ந்த தட்டைக் கம்பி, மேலே தங்க முலாம். காஞ்சிபுரத்தில் தமிழ்நாடு அரசின் சரிகை நிறுவனம் செய்யும் சரிகையின் கணக்கைச் சொன்னால் விளங்கும்: எடையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் அரை சதவீதம். இதைவிட வெள்ளி கூடிய சரிகையும் உண்டு. ஆக, "சுத்தச் சரிகை" என்றாலே முழுக்க வெள்ளி என்று எண்ண வேண்டாம், அதிலும் செம்பு இருக்கிறது. இரண்டாவது டெஸ்டட் சரிகை, ஹாஃப் ஃபைன் என்றும் சொல்வார்கள். செம்புக் கம்பிக்கு மெல்லிய வெள்ளிப் பூச்சு, அதன்மேல் தங்க நிறம். நடுவில் பெரும்பாலும் பருத்தியோ பொலியெஸ்டரோ. மூன்றாவது பிளாஸ்டிக் சரிகை. உலோக ஆவி படிந்த பொலியெஸ்டர் தாளை மெல்லிய கீற்றாக வெட்டிச் சுற்றியது.

ரவிக்கைத் துண்டின் வெட்டிய ஓரத்தில் கரைச் சரிகையும் வெளியே தெரியும். ஒன்றரை அங்குல இழை போதும். புட்டாவில் உள்ள சரிகையும் கரைச் சரிகையும் வேறு வேறு தரமாக இருக்கக்கூடும், முடிந்தால் இரண்டிலும் எடுங்கள். இழையின் நுனியை ஊசியால் கீறி முறுக்கைப் பிரியுங்கள். உலோகச் சரிகை என்றால் மேலே உள்ள கீற்று சுருள் கம்பிபோல் கழன்று வரும், வளைத்தால் வளைந்தபடி நிற்கும். பிளாஸ்டிக் என்றால் இழுபட்டுக் கிழியும், நெருப்பை அருகில் கொண்டுபோனதும் சுருண்டு உருகும். உலோகமா பிளாஸ்டிக்கா என்பது வீட்டிலேயே ஐயமில்லாமல் தெரிந்துவிடும்.

அடுத்தது உள்ளே இருக்கும் இழை. காஞ்சிபுரம் சுத்தச் சரிகையின் நடு இழை சிவப்பாக இருக்கும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வழக்கம்தான், ஆனால் சிவப்பைக் கண்டதும் முடிவு செய்யாதீர்கள், போலி செய்பவரும் சிவப்புச் சாயம் போடலாம். அந்தச் சிவப்பு இழையையும் கொளுத்திப் பாருங்கள். முடி வாசம் வந்தால் பட்டு நடு இழை, சுத்தச் சரிகையின் பக்கம் ஒரு சாட்சி. உருகினால் சுத்தச் சரிகை இல்லை என்று துணிந்து சொல்லலாம். கழன்ற உலோகக் கீற்றை ஒரு பிளேடால் மெதுவாகச் சுரண்டி, கைத்தொலைபேசி கமெராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். தங்க நிறம் போனதும் வெண்மை தெரிந்து, இன்னும் சுரண்டினாலும் வெண்மையே நின்றால் வெள்ளி இருக்கிறது. சீக்கிரமே செம்மை எட்டிப்பார்த்தால் டெஸ்டட்.

இதற்குமேல் வீட்டில் போக முடியாது. வெள்ளி இருக்கிறது என்பது தெரியும், நாற்பது சதவீதமா பதினைந்தா என்பது கண்ணுக்குத் தெரியாது. அதற்கு நகை சோதிக்கும் எக்ஸ்-ரே கருவி வேண்டும். சேலையை வெட்டாமல் கரையை அதன் வாயில் வைத்தால் தங்கம், வெள்ளி, செம்பின் பங்கை அது காட்டும். காஞ்சிபுரத்தில் சரிகையை இப்படித்தான் பார்க்கிறார்கள். அந்தக் கருவி வைத்திருக்கும் நகைக்கடைக்காரர் தெரிந்தவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். அது காட்டுவது உலோகங்களுக்குள் உள்ள பங்கு. நடுவில் உள்ள பட்டு அந்தக் கணக்கில் வராது, அதனால் வெள்ளியின் எண் சரிகைக்காரர் சொல்லும் 40ஐவிடக் கூடுதலாகத்தான் வர வேண்டும், 50ஐத் தாண்டினாலும் ஆச்சரியம் இல்லை. ஊரில் உரைகல் வைத்திருக்கும் பத்தரும் ஓரளவு சொல்வார், ஆனால் ஒரு நூலிழையை உரைத்துச் சொல்வது கடினம்.

கருவி கிடைக்காவிட்டால் விலைக் கணக்கு இருக்கிறது. அது ஒரு பக்கமாக மட்டும் வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். விலை மிகக் குறைந்தால் "சுத்தச் சரிகையாக இருக்க முடியாது" என்று சொல்லலாம். விலை கூடினால் "சுத்தச் சரிகைதான்" என்று சொல்ல முடியாது, 90,000 ரூபாவுக்கும் டெஸ்டட் சரிகை விற்கலாம்.

உங்கள் சேலைக்கே போட்டுப் பார்ப்போம். எடை 700 கிராம். அகலக் கரையும் நிறைந்த முந்தானையும் உள்ள சேலையில் சரிகை 200 கிராம்கூட இருக்கலாம். ஆனால் கடைக்காரருக்குச் சாதகமாக 100 கிராம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் 40 சதவீதம் வெள்ளி என்றால் 40 கிராம். வெள்ளி விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குகிறது, சமீப காலத்தில் ஏறியதே அதிகம். கணக்குக்காகக் கிராம் 500 ரூபா என்று வைக்கிறேன், நீங்கள் வாங்கும் நாளின் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கு மட்டும் 20,000 ரூபா ஆகிறது. செம்பு, தங்க முலாம், சரிகை இழுக்கும் கூலி எதையும் இதில் சேர்க்கவில்லை.

பட்டு மீதி 600 கிராம் என்று வரும். அதையும் குறைத்து 450 கிராம் என்று வைப்போம், மற்றது கஞ்சியும் பிறவும் என்று விட்டுவிடலாம். கச்சாப் பட்டில் உள்ள பசையை வேகவைத்து நீக்கும்போது எடையில் கால் பங்கு வரை போய்விடும். ஆகவே 450 கிராம் நூலுக்குக் கச்சாப் பட்டு 600 கிராம் வாங்க வேண்டும். கிலோ 5,000 இந்திய ரூபா என்று வைத்தால் 3,000 இந்திய ரூபா. ஒரு இந்திய ரூபாவுக்கு நம் காசு மூன்றரை என்று எடுத்தால் 10,500. வெள்ளியோடு சேர்த்து 30,500 ரூபா ஆகிவிட்டது. சாயம் போடவில்லை, பாவு ஓட்டவில்லை, இன்னும் தறியில் உட்காரவே இல்லை.

38,000இல் மிச்சம் 7,500. அதற்குள் நெசவுக் கூலி, மொத்த வியாபாரியின் இலாபம், இங்கே கொண்டுவரும் செலவு, இறக்குமதி வரி, ஹட்டன் கடையின் வாடகை, முதலாளியின் இலாபம் எல்லாம் அடங்க வேண்டும். கரையையும் உடலையும் வேறு வேறு நிறத்தில் நெய்து இணைக்கும் கோர்வைச் சேலையைக் கைத்தறியில் நெய்ய வழக்கமாக இரண்டு பேர் வேண்டும், பத்து நாளுக்கு மேலும் போகும். அந்தக் கூலிக்கே 7,500 போதாது. நான் எல்லா இடத்திலும் குறைத்துத்தான் போட்டேன், அப்படியும் பொருந்தவில்லை. ஆனால் அதே சேலையில் சரிகை டெஸ்டட் என்றால் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது: பட்டுக்குப் பத்தாயிரம் சொச்சம், சரிகைக்குச் சில ஆயிரம், மற்றது கூலியும் வரியும் இலாபமும். ஆகவே என் முடிவு, உங்கள் சேலை சுத்தப் பட்டில் டெஸ்டட் சரிகை போட்டது. சேலையைக் கையில் பிடித்துப் பார்க்காமல் சொல்கிறேன், அதனால் சரிகை இழையை ஒருமுறை பிரித்துப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

எடையைப் பற்றி இன்னொன்று. எடை கூடினால் சரிகை நல்லது என்று நினைப்பவர்கள் உண்டு. செம்பும் கனம்தான், ஆகவே டெஸ்டட் சரிகைச் சேலையும் கனக்கும். அகலக் கரை இருந்தும் சேலை பஞ்சுபோல் லேசாக இருந்தால் அது பெரும்பாலும் பிளாஸ்டிக் சரிகை. எடையில் இருந்து பயனாக எடுக்கக்கூடியது அவ்வளவே.

டெஸ்டட் சரிகை மோசமான பொருள் என்று நான் சொல்லவில்லை. மலைநாட்டில் கல்யாணத்துக்கு எடுக்கும் பட்டுகளில் பெரும்பகுதி அதுதான், பார்வைக்கும் அழகாகவே இருக்கும். தீபாவளி முற்பணத்தையும் சீட்டுக் காசையும் சேர்த்து வைத்துச் சேலை எடுக்கும் குடும்பத்துக்கு அதுவே நியாயமான தெரிவு. வெள்ளி என்று சொல்லி அதை விற்பதுதான் அநியாயம். அந்த வித்தியாசத்தை நம் பெண்கள் பிற்பாடுதான் உணர்கிறார்கள், பணத்துக்காக அந்தச் சேலையை விற்கவோ கொடுத்து மாற்றவோ போகும் நாளில். சுத்தச் சரிகைக்கு அதில் உள்ள வெள்ளி அளவுக்காவது மதிப்பு நிற்கும், டெஸ்டட்டுக்கு எதுவும் நிற்காது.

உடுத்துவதிலும் நம் பக்கத்தில் ஒரு வேறுபாடு உண்டு. தலவாக்கலை, நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் மாதக்கணக்கில் ஈரமும் மூடுபனியும். லயத்து வீட்டுத் தகரப்பெட்டியில் மடித்த சேலைக்கு அந்த ஈரம் ஏறும். டெஸ்டட் சரிகையின் மெல்லிய பூச்சு தேய்ந்ததும் செம்பு வெளிப்பட்டு, மடிப்பு ஓரங்களில் மங்கிப் பழுப்பாகும், சில இடங்களில் பச்சை பூக்கும். வெள்ளியும் கறுக்கத்தான் செய்யும், காற்றில் உள்ள கந்தகத்தால். அதனால் அம்மாவின் பழைய சேலைச் சரிகை கறுத்துவிட்டது என்று அதைப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். சாம்பல் கலந்த கறுப்பு ஒரே சீராகப் படிந்திருந்தால் அது வெள்ளியாகவே இருக்கலாம், பிரித்துச் சுரண்டிப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் செம்பு மேலே வந்துவிட்டது என்று அர்த்தம். எந்தச் சரிகையானாலும் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, சில மாதத்துக்கு ஒருமுறை வெயில் படாத இடத்தில் காற்றாட விரித்து, மடிப்பை மாற்றி மடியுங்கள். சேலையின் மேலேயே அந்துருண்டை போட வேண்டாம், வாசனைத் திரவியம் சரிகையில் படவும் வேண்டாம்.

கடைக்கு மறுபடி போகும்போது சண்டை எதற்கும் தேவையில்லை. "முதலாளி, பில்லில் எழுதித் தருவீர்களா?" என்று கேளுங்கள். "பட்டுச் சேலை ஒன்று" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. "100 வீதம் இயற்கைப் பட்டு, பாவும் ஊடையும், சரிகை சுத்த வெள்ளிச் சரிகை" என்று கடை முத்திரையோடு எழுதச் சொல்லுங்கள், சில்க் மார்க் எண்ணையும் அதிலே குறிக்கச் சொல்லுங்கள். பட்டைப் பற்றிய வரியைத் தயங்காமல் எழுதிவிட்டு, சரிகை வரிக்கு வந்ததும் "அது காஞ்சிபுரத்தில் அப்படித்தான் சொன்னார்கள்" என்று இழுத்தால் உங்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். எழுதித் தந்த பிறகு பொய் என்று தெரிந்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடலாம், அவர்களுடைய துரித இலக்கம் 1977. பில் இல்லாமல், வாய்ப் பேச்சை மட்டும் வைத்து முறையிட்டால் ஒன்றும் நடக்காது.

"டெஸ்டட் சரிகை" என்று அவரே பில்லில் எழுதித் தந்தால், பாவும் ஊடையும் பிளீச்சில் கரைந்தால், நெசவும் நிறமும் தங்கச்சிக்குப் பிடித்திருந்தால் எடுங்கள். அப்போது 38,000 கொஞ்சம் கூடுதல், முப்பதுக்கும் முப்பத்துமூன்றுக்கும் இடையில் பேசிப் பாருங்கள். வெள்ளிச் சரிகைதான் வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் நின்றால், அகலக் கரையை விட்டு இரண்டு விரல் கரையும் சின்ன முந்தானையும் உள்ள சேலையாகப் பாருங்கள். சரிகை முப்பது, நாற்பது கிராமோடு நிற்கும், வெள்ளியின் செலவும் அதற்கேற்பக் குறையும். அப்படிப்பட்ட சேலை ஐம்பதாயிரத்துக்குச் சற்று மேலே, உண்மையான சரிகையோடு கிடைக்க வழியுண்டு. கடைக்காரரிடம் அதைக் கேட்டு வைத்தால் அடுத்த முறை சரக்கு வரும்போது எடுத்துத் தருவார். தைக்கு இன்னும் நாள் இருந்தால் காத்திருக்கலாம்.